‘முன் ஏலக் கூட்டம்’ என்று எழுதாதீர்கள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒட்டியிருந்த ஒரு தமிழ் அறிவிப்பில் ‘முன் ஏலக் கூட்டம்’ என்ற சொல்லை மறுபடியும் பார்த்தேன். வாய்க்கால் கரைச்சுவர் வேலைக்கான டெண்டர் அது. ஆங்கிலத்தில் ‘ப்ரீ-பிட் மீட்டிங்’. ‘பிட்’ என்றால் ஏலம் கேட்பது என்று அகராதியில் இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஏலம் போர்த்துகீசியரோடு வந்த சொல். மலையாளத்தில் அது இன்னும் ‘லேலம்’தான். டெண்டருக்கு மலையாளத்தில் ‘தர்காஸ்’, பாரசீகத்தில் வேண்டுகோள் என்று பொருள். தமிழில் ஒப்பந்தப்புள்ளி. இங்கே புள்ளி என்பது நாம் போட்டுக் கொடுக்கும் விலைக் கணக்கு.

ஏலத்தில் எல்லார் காதிலும் விழ விலை ஏறும். டெண்டரில் விலை மூடிய உறைக்குள் இருக்கும், வேலைக்கான டெண்டர் என்றால் குறைத்துப் போட்டவர் பக்கம் போகும். இரண்டும் நேர் எதிர். இதைவிடக் கெட்டது அடுத்த வரி: ‘கேள்விகளை 12-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் எழுத்தில் தர வேண்டும்.’ நம் ஊரில் ஏலம் ‘கேட்பது’ என்றுதான் சொல்வோம், கேட்கிற தொகையே கேள்வி. மேலே ஏலம், கீழே கேள்வி. எனக்குத் தெரிந்த சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர் இதே மாதிரி அறிவிப்பை நம்பித் தன் விலையையே கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். உறை பிரிக்கும் நாளுக்கு முன்பே அவர் விலை வெளியே வந்துவிட்டது. குற்றம் அவருடையதா? மொழிபெயர்த்தவருடையது.

சிலர் ‘ஒப்பந்தத்திற்கு முந்தைய கூட்டம்’ என்கிறார்கள். அதுவும் சரியில்லை. வேலை கிடைத்தவரைக் கையெழுத்துக்கு முன்னால் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. இந்தக் கூட்டமோ புள்ளி கொடுக்க நினைக்கிற எல்லாருக்கும் ஆனது. வரைபடத்தில், அளவில், நிபந்தனையில் இருக்கும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மட்டும். அங்கே அதிகாரி வாயால் சொல்வதை வைத்து விலை போடக்கூடாது. எது மாறினாலும் எழுத்தில், திருத்த அறிவிப்பாக, எல்லாருக்கும் ஒன்றுபோல வரவேண்டும்.

அப்புறம் ‘தள வருகை’. யார் எங்கே வருகிறார்கள்? இடம் பார்ப்பது என்று எழுதினால் யாருக்குப் புரியாது? பாறை எங்கே, லாரி போக வழி உண்டா, தண்ணீர் எந்த மாதம் நிற்கும் என்று நாம் நம் செலவில் போய்ப் பார்ப்பது அது. அந்த அறிவிப்பில் இடம் பார்க்கும் நாள் 13 என்று இருந்தது, கேள்விக்குக் கெடு முடிந்த மறுநாள். பாறையைக் கண்டவர் அப்புறம் யாரிடம் கேட்பார்?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய விளக்கக் கூட்டம்: 14-ஆம் தேதி காலை 11 மணி, அலுவலகக் கூட்ட அறை. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க: 10-ஆம் தேதி காலை 10 மணி, மதகு அருகில். சந்தேகங்களை எழுதித் தரக் கடைசி நேரம்: 12-ஆம் தேதி மாலை 5 மணி. அதில் விலை எதையும் குறிப்பிட வேண்டாம்.’