குறியீடு ஏறியும் பிரீமியம் குறைந்த ஒரு வாரம்

பாளையங்கோட்டையில் உள்ள என் அலுவலகத்துக்கு மத்திய பட்ஜெட் முடிந்த மறுநாள் வந்த அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர், கைபேசியை என் மேசையில் வைத்து, "அண்ணாச்சி, நிப்டி ஏறித்தானே இருக்கு, பிரீமியம் மட்டும் ஏன் எறங்குது?" என்று கேட்டார். தரகு நிறுவனம் ஏதோ தவறு செய்துவிட்டது என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் வாங்கியது 24,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன். அதாவது, எக்ஸ்பைரி என்னும் காலாவதி நாளில் நிப்டியை 24,000 என்ற ஸ்ட்ரைக் விலைக்கு வாங்கும் உரிமை; அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். எண்களைச் சற்று முழுமையாக்கி, வட்டியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். வாங்கிய அன்று நிப்டி 24,000. எக்ஸ்பைரிக்கு 28 நாள் இருந்தது. திரையில் IV 14; IV என்பது வருங்கால ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சந்தை பிரீமியத்தில் ஏற்றி வைத்திருக்கும் எதிர்பார்ப்பு. பிரீமியம் 371 ரூபாய். ஒரு வாரம் கழித்து நிப்டி 24,100, பிரீமியம் 329.

வாங்கிய அன்று திரையில் தீட்டா 6.6 என்று இருந்தது. மற்றவை மாறாமல் ஒரு நாள் கழிந்தால் ஏறத்தாழ 6.60 ரூபாய் தேயும் என்பது அதன் பொருள். அதை ஏழால் பெருக்கினால் 46 ரூபாய்தான் வரும். உண்மையில் தேய்வது 50. எக்ஸ்பைரி நெருங்க நெருங்கத் தீட்டாவே பெரிதாகிக்கொண்டு போவதால் இந்த வேறுபாடு. நிப்டியும் IV-யும் நகராமல் நின்றால், அடுத்த வாரம் 59, அதற்கடுத்த வாரம் 77, கடைசி வாரத்தில் மிச்சமுள்ள 186 ரூபாயும் போய்விடும். சனி, ஞாயிறு சந்தை மூடியிருந்தாலும் நாள் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனி வேகா. IV என்பது வருங்கால ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சந்தை பிரீமியத்தில் ஏற்றி வைத்திருக்கும் எதிர்பார்ப்பு. IV ஒரு புள்ளி மாறினால் பிரீமியம் எத்தனை ரூபாய் மாறும் என்பதே வேகா. பட்ஜெட் உரை முடிந்து, என்ன வருமோ என்ற பதற்றம் அடங்கியதும் IV 14-லிருந்து 12-க்கு இறங்கியது. 21 நாள் மீதமிருந்த அந்த ஆப்ஷனின் வேகா 23. இரண்டு புள்ளிக்கு 46 ரூபாய் போயிற்று. நிப்டி ஏறிய 100 புள்ளி தந்தது சுமார் 54. ஆக, 371-இல் 50-ஐயும் 46-ஐயும் கழித்து 54-ஐக் கூட்டினால் 329 வருகிறது. தரகு நிறுவனத்தின் கணக்கில் பிழை இல்லை.

"அப்ப IV ஏறியிருந்தா?" என்றார். நிப்டி அதே 24,000-இல் நின்று IV 16 ஆகியிருந்தால், ஒரு வாரத் தேய்மானத்தை ஏறக்குறைய முழுதும் ஈடுகட்டிப் பிரீமியம் 367-இல் நின்றிருக்கும். ஆனால் இந்த ஈடு எப்போதும் கிடைப்பதில்லை. ஸ்ட்ரைக் விலையை ஒட்டியே நிப்டி நிற்கும்போது, 28 நாள் இருக்கையில் வேகா 26 ரூபாய்க்கு மேல். IV ஒரு புள்ளி ஏறினால் நான்கு நாள் தேய்மானத்தைத் தாங்கும். ஏழு நாள் மட்டும் இருக்கையில் வேகாவும் 13, ஒரு நாள் தீட்டாவும் 13. அப்போது அதே ஒரு புள்ளி ஒரே ஒரு நாளுக்குத்தான் காணும்.