இருபது சதவீதம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் ஏன் அணைகிறது?

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "லோட் ஷெடிங்குக்காக வாங்கிய லித்தியம் பேட்டரி, திரையில் 20% காட்டும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?"

பெரும்பாலும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் பொதுவாக 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் பதினாறு தொடராக இணைந்திருக்கும். எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகும். பாதுகாப்புப் பலகையான பிஎம்எஸ் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்கிறது. ஏதாவது ஒன்று 3.65 வோல்ட்டைத் தொட்டால் சார்ஜை நிறுத்தும். ஏதாவது ஒன்று 2.5-க்கு இறங்கினால் மின்சாரத்தையே வெட்டும்.

பதினைந்து செல்களில் 100 ஆம்பியர்-மணி நிறைந்திருக்கிறது, ஏழாவது செல்லில் மட்டும் 80 என்று வைத்துக்கொள்வோம். 80 செலவானதும் ஏழாவது காலி, பலகை வெட்டிவிடும். மற்றவை இன்னும் 3.2 வோல்ட்டில் இருப்பதால் மொத்தம் 50 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். வெளியே போன மின்னூட்டத்தை மட்டும் எண்ணும் திரையோ 20% மிச்சம் என்று சொல்லும்.

இதைச் சரிசெய்யும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. செல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு மின்தடை உண்டு. செல் சுமார் 3.4 வோல்ட்டைத் தாண்டினால் பலகை அதை இணைக்கும். சார்ஜர் 0.1 ஆம்பியர் அனுப்புகிறது என்றால், நிறைந்த செல்கள் அந்த 0.1 ஆம்பியரை மின்தடை வழியாக வெப்பமாக விட்டுவிடும். அவற்றில் எதுவும் ஏறாது. ஏழாவதின் மின்தடை இணைக்கப்படாததால் அதே மின்னோட்டம் முழுவதும் அதற்குள் சேரும். 20 ஆம்பியர்-மணி சேர 200 மணி நேரம் ஆகும்.

இது சார்ஜின் உச்சியில் மட்டும்தான் நடக்கும். நடுப்பகுதியில் பாதி நிறைந்த செல்லும் முக்கால் நிறைந்த செல்லும் ஏறக்குறைய ஒரே வோல்ட் காட்டுவதால், எது பின்தங்கியது என்று பலகைக்கே தெரியாது. ஒரு நாளில் பலமுறை மின்சாரம் போன காலத்தில் பேட்டரி உச்சியில் நின்ற நேரம் மிகக் குறைவு. அதனால்தான் இடைவெளி வளர்ந்தது. மாதம் ஒருமுறை முழுக்கத் தீர்த்தால் பேட்டரி புதுசாகும் என்று கடைகளில்கூடச் சொல்கிறார்கள். அது வெறும் மூடநம்பிக்கை. தீர்ப்பதால் சமநிலை வராது.

சரி, என்ன செய்யலாம்? பேட்டரியின் கையேடு அனுமதித்தால், 55.2 வோல்ட்டில் சில நாட்கள் சார்ஜிலேயே விடுங்கள். அப்புறம் பிஎம்எஸ் செயலியில் செல் அளவுகளைப் பாருங்கள். ஏதாவது ஒரு செல் சார்ஜ் முடியும்போதும் தாழ்ந்தே இருந்தால், மின்னூட்டம்தான் குறைவு; காத்திருந்தால் சரியாகும். ஒரே செல் சார்ஜாகும்போது முதலில் உச்சியைத் தொட்டு, செலவாகும்போதும் முதலில் காலியானால், அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது. அதை எந்த மின்தடையும் மீட்காது. உத்தரவாதம் இருக்கும்போதே அந்த அளவுகளைப் படமெடுத்து, விற்றவரிடம் காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள்.