நீண்ட ஓட்டமும் உடலில் மிச்சமிருக்கும் இன்சுலினும்

கணையம் சரியாக வேலை செய்பவர் ஓடத் தொடங்கியதும் அவருடைய இன்சுலின் சுரப்பு தானாகக் குறைகிறது. அந்தக் குறைவுதான் சேமித்த சர்க்கரையை வெளியே விடுமாறு கல்லீரலுக்குக் கிடைக்கும் சமிக்ஞை. முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கோ இன்சுலின் தோலுக்கடியிலிருந்து வருகிறது. ஊசியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதோடு, ஓடும்போது இரத்த ஓட்டம் கூடுவதால் அது இன்னும் விரைவாக உறிஞ்சப்படவும் கூடும். சுருங்கி விரியும் தசைகள் இன்சுலின் துணையில்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ள, கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்பட்டுக் கையை மூடியே வைத்திருக்கிறது.

ஆகவே ஓட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய வேளை உணவுக்குப் போட்ட ஊசியே. 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்ற கணக்கு உள்ள ஒருவர், 50 கிராம் மாவுச்சத்துள்ள இட்லியைச் சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து 20 கிலோமீட்டர் ஓடப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 யூனிட்டைப் போட்டால், விரைவு இன்சுலின் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஓட்டமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எனவே பாதியாகக் குறைத்து 2.5 யூனிட் போடுகிறார். தொடக்கத்தில் சர்க்கரை 126க்கும் 180க்கும் இடையில் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொள்கிறார். (இந்த அளவுகள் ஓர் உதாரணம், அவரவர் அளவை மருத்துவருடன் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.) இவரே விடியற்காலையில், சாப்பிடுவதற்கு முன் ஓடினால், உடலில் நீண்டநேர இன்சுலின் மட்டுமே இருப்பதால் சர்க்கரை அவ்வளவாக இறங்காது, சிலருக்குச் சற்று ஏறவும் செய்யும். நீண்ட பயிற்சிக்கு இந்த நேரமே கையாள எளிது என்பது என் கருத்து.

இன்சுலினைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. புறப்படும்போது சர்க்கரை அளவு 270க்கு மேல் இருந்து, அதற்கு உணவு காரணமாகத் தெரியாவிட்டால், உடல் கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் கீட்டோனின் அளவைப் பார்க்க வேண்டும். அது 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் உடலில் இன்சுலின் போதவில்லை என்று பொருள். அன்று ஓடக் கூடாது.

ஓடும்போது, சர்க்கரையைத் தொடர்ந்து காட்டத் தோலில் பொருத்திய சென்சாரை முழுதாக நம்பிவிடவும் கூடாது. அது இரத்தத்தை அளப்பதில்லை, திசுக்களிடையே உள்ள நீரை அளக்கிறது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது அதன் எண் பின்தங்குகிறது. நிமிடத்துக்கு 3 வீதம் இறங்கும் ஒருவருக்கு 10 நிமிடத் தாமதம் இருந்தால், திரையில் 100 என்று காட்டும்போது இரத்தத்தில் இருப்பது 70தான். அதனால் எண்ணைவிட அம்புக்குறியே முக்கியம்: கீழ்நோக்கிய அம்பு தெரிந்தால் 100இலேயே குளுக்கோஸ் எடுக்க வேண்டும், சந்தேகம் வந்தால் நின்று விரலில் குத்திப் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் தசைகள் தங்கள் இருப்பை நிரப்பிக்கொள்ளப் பல மணி நேரம் சர்க்கரையை இழுக்கும். பிற்பகலில் ஓடியவருக்கு இது நள்ளிரவுக்குப் பின் தூக்கத்தில் தாழ்சர்க்கரையாக வரலாம். எனவே பலர் அன்றிரவு நீண்டநேர இன்சுலினை ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்து, சென்சாரின் எச்சரிக்கை ஒலியைச் சற்று உயர்ந்த அளவில் வைத்துவிட்டுப் படுக்கிறார்கள்.