ஒரு டீ கிளாஸ் கியர் ஆயில்

பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஸ்கூட்டரில் ஒரு குழப்பம் வரும். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஸ்கூட்டரில் அப்படியில்லை. எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகப் பின்னால் வரும் சுழற்சி, சக்கரத்தை ஒட்டிய ஒரு சின்னப் பெட்டிக்குள் பற்சக்கரங்களால் குறைக்கப்படுகிறது. 50 கி.மீ. வேகத்தில் பத்து அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 சுற்றுதான் சுற்றும். எஞ்சினோ பல ஆயிரம். அந்தப் பெட்டிக்குத் தனி ஆயில், அதுதான் கியர் ஆயில். எஞ்சின் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் ஒரு சொட்டுகூட அங்கே போகாது.

என் 110 சிசி வண்டிக்குக் கையேடு சொல்லும் அளவு 120 மி.லி. டீக்கடை கிளாஸில் ஒன்று. உள்ளே பம்ப் கிடையாது. கீழே இருக்கும் பற்கள் ஆயிலில் நனைந்து மேலே வாரியிறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 'கொஞ்சம் கூடவே ஊற்றிவிடுவோம்' என்பதுதான் இங்கே ஆபத்து. அதிகமான ஆயில் கடையப்பட்டுச் சூடாகி, சீல் வழியே கசியும். பக்கத்திலேயே பின் பிரேக் டிரம். பிரேக் ஷூவில் ஆயில் பட்டால் பிரேக் பிடிக்காது.

எரிபொருளோ புகைக்கரியோ இதில் கலப்பதில்லை என்பதால் எஞ்சின் ஆயிலைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனால் பற்கள் தேய்ந்த இரும்புத்தூள் சேரும். வடிகட்ட ஃபில்டரும் இல்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது, எந்த ஆயில் ஊற்றுவது என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றுக்கு 80W-90, சிலவற்றுக்கு எஞ்சினுக்கு ஊற்றும் 10W-30 ஆயிலே போதும். கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

என் வண்டி ஒழுங்காக சர்வீஸுக்குப் போய்வந்ததுதான். முப்பதாயிரம் கி.மீ. தாண்டியதும் பின்னாலிருந்து 'ஊ' என்று ஒரு முனகல். வண்டியை நிறுத்தி வைத்து, சக்கரம் சுழலாத அளவுக்கு ஆக்ஸிலரேட்டரை லேசாக முறுக்கினால் சத்தம் இல்லை. ஓடும்போது வேகத்தோடு ஏறியது. பழைய பில்களைப் புரட்டினேன். எஞ்சின் ஆயில் எல்லாவற்றிலும் இருந்தது, கியர் ஆயில் ஒன்றில்கூட இல்லை.

சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு நானே வேலையில் இறங்கினேன். முதலில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது துருவேறி வராமல் போனால், கீழே வடித்துவிட்ட பிறகு திரும்ப ஊற்ற வழியில்லை! வடிந்தது எழுபது மி.லி. இருக்கும், கறுப்பாக, வெயிலில் மினுமினுப்பாக. மினுமினுப்பு வெறும் தேய்மானத் தூள். விரலில் உறுத்தும் துணுக்கு வந்திருந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்திருக்கும்; பால்கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பின்சக்கரத்தைக் கையால் சுற்றி மிச்சத்தையும் இறக்கினேன். புது வாஷர் போட்டு வடிகால் போல்ட்டை முடுக்கி, மருந்துக்கடையில் வாங்கிய 60 மி.லி. சிரிஞ்சால் இரண்டு முறை ஏற்றினேன்.

முனகல் பாதி குறைந்தது. மீதி, ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பற்களின் சத்தம்.