"சுறா எண்டு எழுதித் தாங்கோ, ரீச்சர்"

ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகராக நான் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்வருகிறேன். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் யாராவது ஒரு ரீச்சர் வாசல்வரை வந்து கேட்பார். "சேர், வகுப்பிலை புதுசா ஏதும் செய்ய வேணும் போல கிடக்கு. கடைசி வாங்குப் பிள்ளையள் அசையிறேல்லை. வாசிக்க நல்ல புத்தகம் ஏதும் சொல்லுங்கோ."

முன்பெல்லாம் 'டோட்டோ-சான்' என்று சொல்லிவிடுவேன். ரயில்பெட்டி வகுப்பறைகள், பிள்ளை பேசுவதை மணிக்கணக்காகக் கேட்டிருக்கும் தலைமையாசிரியர். வாசித்த எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் அது ஐம்பது பிள்ளைகள் அளவில் படித்த பள்ளிக்கூடத்தின் கதை, அதுவும் பிள்ளையின் கண்ணால் சொன்னது. வாசித்து முடித்த ரீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த நாளும் பழையபடியே படிப்பித்தார். அதனால் இப்போது வேறு இரண்டு புத்தகங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய 'பகல் கனவு'. தமிழிலும் வந்திருக்கிறது, மெல்லிய புத்தகம். லட்சுமிராம் என்ற ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் கேட்டு நாலாம் வகுப்பொன்றைப் பொறுப்பெடுக்கிறார். இது கற்பனைக் கதைதான் என்றாலும், எழுதியவர் பவநகரில் பிள்ளைகளோடு வேலை செய்து பழகியவர். எனக்கு இதில் பிடித்த இடம் முதல்நாள். லட்சுமிராம் வீட்டில் இருந்து அருமையாகத் திட்டம் போட்டுக்கொண்டு வருகிறார், மௌன விளையாட்டோடு தொடங்குவது என்று. பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கேலி செய்து அந்தத் திட்டத்தை நாசமாக்குகிறார்கள். அவர் வகுப்பைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்தநாள் கதையோடு வருகிறார். புது முறை முதல்நாள் தோற்பது வழமை என்று தெரிந்தாலே பல ரீச்சர்மார் இரண்டாம் நாளும் அதைச் செய்து பார்ப்பார்கள்.

அவர் பாடப்புத்தகக் காசைக் கொண்டு வகுப்பு நூலகம் அமைக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடநூலை அரசாங்கமே இலவசமாகத் தருவதால் அந்த உத்தி இங்கே பொருந்தாது. நான் சொல்லும் மாற்று இது. கதையொன்றை வாசித்துக் காட்டுங்கள். ஆவல் உச்சத்தில் இருக்கும் பக்கத்தில் நிறுத்துங்கள். புத்தகத்தை மேசையில் திறந்தபடி விட்டுவிட்டு இடைவேளைக்குப் போங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து நிற்பார்கள்.

வாசிக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? அதற்குத்தான் இரண்டாவது புத்தகம், நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் படிப்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் வெளியிட்டது. ஆங்கிலத் தலைப்பின் பொருள் 'ஆசிரியர்' என்பதுதான். அவருடைய வழி சின்னது. காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு என்ன சொல் வேணும்?" என்று கேட்பார். பிள்ளை சொன்னதைத் தடித்த அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுப்பார். அடுத்தநாள் எல்லாருடைய அட்டைகளையும் பாயில் கொட்டுவார். ஒவ்வொருவரும் தங்களுடையதைத் தேடி எடுத்து வாசிக்க வேண்டும். அடையாளம் தெரியாமல்போன அட்டையை அவர் ஒதுக்கிவிடுவார். அந்தச் சொல்லுக்குப் பிள்ளையின் மனதில் இடமில்லை, தவறு பிள்ளையுடையதல்ல என்பது அவர் கணக்கு. பயமும் பாசமும் ஒட்டிய சொற்கள்தான் ஒரே பார்வையில் நிற்கும் என்று கண்டார்.

கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாலாம் தரத்து ரீச்சர் ஒருவர் இதைச் செய்து பார்க்கச் சம்மதித்தார். 27 பிள்ளைகள், அதில் வாசிக்காதவர்கள் ஆறு பேர். பிறிஸ்டல் போட்டைக் கைநீள அட்டைகளாக வெட்டினோம். காலையில் முதல் பாடத்துக்கு முன் பத்து நிமிடம், ஆளுக்கு ஒரு சொல்.

முதல் வாரம் சரிவரவில்லை. ரீச்சர் பாசத்தில் தானே சொல்லைத் தெரிவு செய்துவிட்டார்: படம், பட்டம், மரம். ஆறு பேரும் அடுத்தநாள் அட்டையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை பிள்ளையிடமே கேட்கச் சொன்னேன். தகப்பன் கடலுக்குப் போகும் பெடியன் ஒருவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சுறா எண்டு எழுதித் தாங்கோ, ரீச்சர்" என்றான். அடுத்தநாள் பாயில் கொட்டியதும் அதைச் சட்டென்று எடுத்தான். பிறகு வலை, எஞ்சின், அம்மம்மா. இன்னொரு பிள்ளை "பேய்" கேட்டது. ரீச்சர் தயங்கி என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுங்கோ என்றேன். அந்தப் பேயை அந்தப் பிள்ளை ஒருநாளும் மறக்கவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்றாம் வாரம் பெடியன் பதினொரு அட்டையையும் கடகடவென்று சொன்னான். எனக்குச் சந்தேகம். அதே சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். நாலுதான் வந்தது. சுறா அட்டையின் மூலை மடிந்திருந்தது, எஞ்சின் அட்டையில் மை சிந்தியிருந்தது. அவன் எழுத்தை வாசிக்கவில்லை, அட்டையை அடையாளம் பிடித்திருக்கிறான். ஆகவே கிழமைக்கொரு தடவை சொற்களைப் புது அட்டையிலோ பலகையிலோ எழுதிப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு படியும் தேவை. ஆங்கிலப் புத்தகத்தில் அது கிடையாது. சொல்லை முழுதாகப் பழகிய பிறகு எழுத்தெழுத்தாக வெட்ட வேண்டும். வலையில் உள்ள 'லை'யை எடுத்து அலை, தலை, மலை. சுறாவின் 'றா'வை எடுத்து இறால், புறா. "இறால்" என்று தானே கூட்டி வாசித்த அன்றுதான் பெடியன் முதன்முதல் சத்தம் போட்டு வாசித்தான். கொம்புதான் கடினம். 'பே'யில் வாய் முதலில் 'ப்' என்கிறது, கண்ணோ முதலில் கொம்பைக் காண்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை அதில் இடறும். கொம்பையும் ப-வையும் வெவ்வேறு துண்டுகளாக வைத்துச் சேர்த்துப் பிரித்துக் காட்டியபோது பிடிபட்டது. 'பொ', 'போ' அதற்கும் பிறகு.

பரிசு, நட்சத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய பிஸ்கற் பெட்டி. பெட்டி நிரம்புவதைப் பிள்ளை தானே பார்த்தது. மற்ற 21 பேர் முன்னால் இவர்களை எழுப்பி வாசிக்கச் சொல்வதையும் அந்தத் தவணை முழுக்க நிறுத்தச் சொன்னேன். ரீச்சருக்கு அட்டை வெட்டுவதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

தவணை முடிவில் ஆறு பேரில் நாலு பேர் தங்கள் சொற்களால் இரண்டு மூன்று வசனம் எழுதி வாசித்தார்கள். ஐந்தாவது பிள்ளை பலகையில் எழுதினால் எப்போதும் எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தது. அட்டையையும் முகத்துக்குக் கிட்டப் பிடித்தது. கண் கிளினிக்குக்கு அனுப்பினோம், கண்ணாடி வந்தது, பிறகு வேகம் வந்தது. ஆறாவது பிள்ளைக்கு இந்த வழியும் சரிவரவில்லை. 'வலை'யை இன்று வாசிக்கும், நாளைக்கு அப்படியே மறக்கும். அதை விசேட கல்வி ஆசிரியரிடம் காட்டச் சொல்லியிருக்கிறோம். கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளைக்கு அட்டைமுறை மட்டும் போதாது. ஏழெட்டு வாரத்துக்குப் பிறகும் சொற்கள் தங்கவில்லையென்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதற்குரியவர்களைத் தேடுங்கள்.

போன முறை போனபோது பெடியனின் கொப்பியைப் பார்த்தேன். "அப்பா சுறா பிடிச்சவர். வலை கிழிஞ்சு போச்சு." பேச்சுவழக்கை ரீச்சர் சிவப்பு மையால் திருத்தப் போனார். இந்தத் தவணை வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.