அப்சார்பன்ஸ்: உட்கவர் அளவு

டி.என்.ஏ. பிரித்தெடுத்து முடித்ததும் ஆய்வகத்தில் வரும் முதல் கேள்வி "ஓ.டி. எவ்வளவு?" என்பதுதான். சிலர் அதையே "அப்சார்பன்ஸ் எவ்வளவு?" என்று கேட்பார்கள். இரண்டும் திரையில் தெரியும் ஒரே எண்ணைத்தான் குறிக்கின்றன. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, அதற்குத் தமிழில் என்ன சொல் பொருந்தும் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால், டி.என்.ஏ. சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாகச் சொல்லப்படும் 1.8 என்ற விகிதத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் கூடவே தெளிவாகும்.

லத்தீனில் 'அப்' என்றால் 'இருந்து', 'சோர்பேரே' என்றால் 'உறிஞ்சு'. இரண்டும் சேர்ந்த 'அப்சோர்பேரே'தான் அப்சார்ப்ஷன், அப்சார்பன்ஸ் ஆகிய இரண்டு சொற்களுக்கும் வேர். அப்சார்ப்ஷன் என்பது நிகழ்வு. ஒளி கரைசலுக்குள் போகிறது, அதில் ஒரு பகுதியை மூலக்கூறுகள் எடுத்துக்கொள்கின்றன. அப்சார்பன்ஸ் என்பது அந்த நிகழ்வின் அளவு. உள்ளே போன ஒளியை I0 என்றும் வெளியே வந்ததை I என்றும் கொண்டால்:

```
A = log10(I0 / I)
A = ε × c × l
```

இரண்டாவது வரி பியர்-லாம்பர்ட் விதி. அதில் ε பொருளுக்கே உரிய கவரும் பண்பு, c செறிவு, l ஒளி கடக்கும் தடிமன். ஒளி கடக்கும் தடிமனைப் பற்றிய பாதியை 1729-இல் பூகேரும் 1760-இல் லாம்பர்ட்டும் சொன்னார்கள். செறிவைப் பற்றிய பாதியை 1852-இல் பியர் சேர்த்தார். முதல் வரியில் மடக்கை இருப்பதைக் கவனிக்க வேண்டும். A = 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் வெளியே வருகிறது. A = 2 என்றால் நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் கருவிக்குள் சிதறித் திரியும் ஒளியே அளவைக் கெடுக்கத் தொடங்கும். அதனால்தான் 1 செ.மீ. குவெட்டில் 0.1-க்கும் 1-க்கும் இடையில் விழும்படி மாதிரியை நீர்க்கச் செய்கிறோம்.

ஓ.டி. என்ற 'ஆப்டிகல் டென்சிட்டி' இதைவிட விரிந்த பொருள் கொண்டது. மூலக்கூறு எடுத்துக்கொண்ட ஒளியோடு, துகள்கள் பட்டுச் சிதறிப்போன ஒளியையும் அது சேர்த்துக்கொள்ளும். பாக்டீரியா வளர்ப்பை 600 நானோமீட்டரில் அளக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் சிதறல்தான், அங்கே ஓ.டி. சரியான சொல். தெளிந்த டி.என்.ஏ. கரைசலுக்கு அப்சார்பன்ஸ் என்பதே சரி.

தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் 'உட்கவர் நிறமாலை' என்று எழுதுகின்றன. இலங்கை வழக்கில் உள்ளே எடுப்பது அகத்துறிஞ்சல், பரப்பில் மட்டும் ஒட்டுவது புறத்துறிஞ்சல். இரண்டுமே நல்ல வேர்கள். குழப்பம் வருவது அப்சார்பன்ஸை 'உட்கவர்திறன்' என்று சிலர் எழுதும்போதுதான். திறன் என்றால் அது பொருளுக்கே உரிய பண்பு என்ற எண்ணம் வருகிறது. மேலே உள்ள விதியில் பொருளின் பண்பு ε மட்டும்தான், செறிவும் தடிமனும் மாறினால் A-யும் மாறிவிடும். ஆகவே உட்கவர்திறன் என்பதை ε-க்கு விட்டுவிட்டு, நிகழ்வை 'உட்கவர்தல்' என்றும் A-யை 'உட்கவர் அளவு' என்றும் சொல்வதே பொருந்தும். இலங்கை வழக்கை விரும்புவோர் 'உறிஞ்சல் அளவு' என்று எழுதலாம். எதை எடுத்தாலும் 'அளவு' என்ற பகுதி வேண்டும்.

நியூக்ளிக் அமிலத்தின் காரங்கள் புற ஊதா ஒளியை 260 நானோமீட்டர் அருகே மிக வலுவாகக் கவர்கின்றன. 1 செ.மீ. தடிமனில் A260 = 1 என்று வந்தால், இரட்டை இழை டி.என்.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் இருக்கிறது என்று கணக்கு. ஆர்.என்.ஏ.வுக்கு 40, ஒற்றை இழை டி.என்.ஏ.வுக்கு ஏறத்தாழ 33. ஒரே எடைக்கு இரட்டை இழை குறைவாகக் கவர்வதற்குக் காரணம், அதில் காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கப்பட்டிருப்பது. இழைகளைச் சூடாக்கிப் பிரித்தால் அதே குழாயில் A260 மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். எனவே கருவியில் மாதிரியின் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், ஒளி அளவு சரியாக இருந்தும் செறிவு தவறாகிவிடும்.

இனி விகிதம். புரதத்தில் டிரிப்டோபேனும் டைரோசினும் 280 நானோமீட்டரில் கவர்கின்றன. எனவே A260/A280 டி.என்.ஏ.வுக்கு 1.8, ஆர்.என்.ஏ.வுக்கு 2.0 என்று இருந்தால் சுத்தம், அதற்குக் கீழே இறங்கினால் புரதம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. 1940-களின் தொடக்கத்தில் ஓட்டோ வார்பர்க்கும் வால்டர் கிறிஸ்டியனும் ஈனோலேஸ் என்ற நொதியைத் தூய்மைப்படுத்தினார்கள். புரதத்தில் நியூக்ளிக் அமிலம் கலந்திருக்கிறதா என்று பார்க்கவே அவர்கள் இரண்டு அலைநீளங்களையும் ஒப்பிட்டார்கள். அந்தத் திசையில் இது கூர்மையான கருவி, ஏனென்றால் நியூக்ளிக் அமிலம் மிகக் குறைவாக இருந்தாலும் 260-இல் எட்டிப்பார்க்கும். நாம் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். நம் திசையில் அது மழுங்கியது.

எவ்வளவு மழுங்கியது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சுத்தமான டி.என்.ஏ. இருந்தால் A260 = 1.00, A280 = 0.556, விகிதம் 1.80. அதில் அதே எடைக்கு, அதாவது இன்னொரு 50 மைக்ரோகிராம், புரதத்தைக் கலப்போம். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கொண்ட சராசரிப் புரதக் கரைசலின் A280 ஏறத்தாழ 1, A260 ஏறத்தாழ 0.57. ஆகவே நம் 50 மைக்ரோகிராம் புரதம் 280-இல் 0.05-ஐயும் 260-இல் 0.03-ஐயும்தான் கூட்டும்.

```
1.03 / 0.606 = 1.70
```

குழாயில் பாதி எடை புரதம், ஆனால் விகிதம் 1.80-இலிருந்து 1.70-க்குத்தான் இறங்கியிருக்கிறது. எனவே 1.5 என்று வந்தால் புரதம் நிறைய இருக்கக்கூடும் என்று அஞ்சுவது நியாயம். 1.8 வந்தது என்பதற்காகப் புரதமே இல்லை என்று எழுதிவைப்பது நியாயமில்லை. புரதம் குறைவாக இருக்க வேண்டியது கட்டாயம் என்றால் பிராட்ஃபோர்ட் போன்ற புரதச் சோதனையைத் தனியாகச் செய்துவிடுவது நல்லது.

டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் பீனால் மிஞ்சிவிட்டால் இந்த விகிதம் இன்னும் மோசமாக ஏமாற்றும். பீனாலின் உச்சி 270 நானோமீட்டர். அதன் சொந்த 260/280 விகிதமே 2-ஐ ஒட்டியது. எனவே அது கலந்தாலும் விகிதம் பெரிதாகக் கீழே போகாது. ஆனால் 260-இல் தன் பங்கைக் கூட்டி, இல்லாத டி.என்.ஏ.வை இருப்பதாகக் காட்டும். கருவி தரும் இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொண்டு வளைகோட்டைப் பார்க்காதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். பீனால்-குளோரோஃபார்ம் முறையில் எடுத்த டி.என்.ஏ., 10 மைக்ரோலிட்டரை 490 மைக்ரோலிட்டர் தாங்கல் கரைசலில் கலந்து 50 மடங்கு நீர்க்கச் செய்து, குவார்ட்ஸ் குவெட்டில் அளந்தது. சாதாரணக் கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் இந்த ஒளியைத் தாமே தின்றுவிடும், அதனால்தான் குவார்ட்ஸ்.

```
A260 = 0.41   A270 = 0.42   A280 = 0.22   A320 = 0.00
A260/A280 = 1.86
0.41 × 50 × 50 = 1025
```

320-இல் சுழி என்பதால் கலங்கலோ குமிழோ இல்லை. அங்கே ஏதாவது வந்திருந்தால் மற்ற அளவுகளிலிருந்து அதைக் கழித்த பிறகே விகிதம் போட வேண்டும். 1.86 அழகான எண், மில்லிலிட்டருக்கு 1025 மைக்ரோகிராம் என்பதும் மகிழ்ச்சி தரும் விளைச்சல். ஆனால் A270, A260-ஐவிடக் கூடுதலாக இருக்கிறது. சுத்தமான டி.என்.ஏ.வில் 270-இன் அளவு 260-இன் அளவைவிட நன்றாகக் கீழே நிற்க வேண்டும். இங்கே மேடு வலப்பக்கம் நகர்ந்து, உச்சி தட்டையாகிவிட்டது. இது பீனாலின் கையெழுத்து.

சரிசெய்வது கடினமில்லை. டி.என்.ஏ. கரைசலோடு சம அளவு குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சேர்த்து மெதுவாகக் கலந்து, மையவிலக்கில் சுற்றி, மேலடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். கரைந்திருந்த பீனால் குளோரோஃபார்முக்குப் போய்விடும். இடை அடுக்கை ஆசைப்பட்டுத் தொட்டுவிடக் கூடாது. பிறகு பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிட்டேட் (pH 5.2), இரண்டரை மடங்கு எத்தனால் சேர்த்து வீழ்படிவாக்கி, 70% எத்தனாலால் இருமுறை கழுவ வேண்டும். அதே கனஅளவில் கரைத்து மறுபடி அளந்தபோது A260 = 0.31, A270 = 0.26 என்று வந்ததாக வைத்துக்கொண்டால் செறிவு 775. வீழ்படிவாக்கும்போது கொஞ்சம் டி.என்.ஏ. இழப்பு எப்போதும் உண்டு. ஆயினும் மேடு 260-க்குத் திரும்பிவிட்டதால், காணாமல் போன 250-இல் பெரும்பகுதி பீனால்தான் என்று கொள்ளலாம்.

A260/A230 இன்னொரு சாட்சி. அது 2.0 முதல் 2.2 வரை இருப்பது வழக்கம். குவானிடின் உப்புகள், இ.டி.டி.ஏ., தாவரச் சர்க்கரைகள் எல்லாமே 230 பக்கம் கவர்வதால், அது இறங்கினால் ஏதோ மிஞ்சியிருக்கிறது என்று மட்டுமே தெரியும், எது என்று தெரியாது. 260/280 சரியாக இருந்து 230 மட்டும் கெட்டிருந்தால், சிலிக்கா தூண் முறையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது குவானிடின். இன்னொரு முறை கழுவினால் போதும். பீனால் முறையில் 270-ஐப் பார்க்க வேண்டும்.

விகிதம் கெட்டுவிட்டது என்று மாதிரியைக் குறைசொல்லும் முன் நீரையும் பார்க்க வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து சற்றே அமிலமான நீரில் அளந்தால், அதே ஆர்.என்.ஏ.வின் 260/280 இரண்டு மூன்று பத்தின்கூறு குறையும். pH 8-ஐ ஒட்டிய டிரிஸ் தாங்கலில் அளந்தால் அது மீண்டுவிடும். பிளாங்க் வைப்பதும் மாதிரி கரைந்திருக்கும் அதே கரைசலால்தான். டி.இ. தாங்கலில் உள்ள மாதிரிக்கு வெறும் நீரைப் பிளாங்க் வைத்தால் இ.டி.டி.ஏ. 230-இல் சேர்ந்துகொள்ளும். ஒரு துளியை வைத்து அளக்கும் கருவியில் மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலான நீர்த்த மாதிரி என்றால், 280-இலும் 230-இலும் வரும் எண்கள் மிகச் சிறியவை. சிறு பிழையே விகிதத்தை ஆட்டிவிடும். அத்தகைய மாதிரியைத் துடைத்து, புதுத் துளி வைத்து மூன்று முறை அளந்து பார்த்து, விகிதம் ஒவ்வொரு முறையும் தாவினால் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் ஏற்றாமல், டி.என்.ஏ.வோடு மட்டும் சேர்ந்து ஒளிரும் சாயத்தால் செறிவை அளப்பதே சரி.