நாற்பது நோயாளிகளும் 93 என்ற எண்ணும்

மனச்சோர்வு உள்ள 40 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கிறோம். 20 பேருக்குப் பத்து வாரங்கள் உளவியல் சிகிச்சை. மற்ற 20 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவில் எல்லோரும் பிஎச்க்யூ-9 வினாத்தாளை நிரப்புகிறார்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள், ஆக மொத்தம் 0 முதல் 27 வரை. புள்ளி கூடினால் சோர்வு கூடுதல் என்று பொருள். சிகிச்சைக் குழுவின் சராசரி 9.2. மற்றக் குழுவின் சராசரி 12.4. இடைவெளி 3.2 புள்ளிகள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் புள்ளிகள் சிதறும் அளவு, 5.5. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இத்துறையில் சிறிய சோதனைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

வழக்கமான கணக்கில் அந்த 3.2க்குத் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் அது முன்பின் நகரக்கூடிய அளவு, 1.74. பி-மதிப்பு 0.07. வழக்கமான எல்லையான 0.05க்கு மேல் போய்விட்டதால், ‘பயன் நிரூபிக்கப்படவில்லை’ என்று அறிக்கை எழுதுவார்கள். அதைப் படிக்கும் மருத்துவர் ‘பயன் இல்லை’ என்று புரிந்துகொள்வார். முதல் வாக்கியம் சரி, இரண்டாவது தவறு. ஆனால் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அறிய விரும்புவது இந்தச் சிகிச்சை உதவ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை. பி-மதிப்போ வேறொரு கேள்விக்கு விடை: சிகிச்சையால் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு?

மருத்துவர் கேட்கும் கேள்விக்கே விடை தருவது பேய்ஸ் முறை. தாமஸ் பேய்ஸ் இறந்த பிறகு, 1763இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. அதற்கு ஒரு விலை உண்டு. தரவைப் பார்ப்பதற்கு முன்பே, சிகிச்சையின் விளைவு எந்த அளவில் இருக்கக்கூடும் என்று நாம் கருதுவதை ஒரு வளைவாக எழுதி வைக்க வேண்டும். அதை முன் பரவல் என்போம். தரவு வந்தபின் அது திருத்தப்பட்டுப் பின் பரவல் ஆகிறது. 4,000 பேர் கொண்ட சோதனையில் முன் பரவல் எதுவாக இருந்தாலும் தரவு அதை மூழ்கடித்துவிடும். 40 பேர் என்றால் அப்படி நடக்காது. அதனால் சிறிய சோதனையில் முன் பரவலைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

பலர் முதலில் நாடுவது, எந்தக் கருத்தும் இல்லாததுபோல் தோன்றும் அகன்ற வளைவு: சராசரி 0, திட்ட விலக்கம் 10. நடுநிலையாகத்தான் தெரிகிறது. ஆனால் அது உண்மையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரு குழுக்களுக்கும் இடையே 10 புள்ளிகளுக்கு மேல் வேறுபாடு வர ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்கிறது. அதில் பாதி, சிகிச்சை பெற்றவர்கள் 10 புள்ளிகளுக்கு மேல் மோசமாவதற்கான வாய்ப்பு! மனச்சோர்வுச் சிகிச்சையில் அனுபவமுள்ள யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முன் பரவலை எழுதியவுடன், அதிலிருந்து சில நூறு கற்பனைச் சோதனைகளைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பது நல்லது. மருத்துவர்களிடம் காட்டினால், நடக்கவே முடியாத முடிவுகளை அவர்கள் உடனே சுட்டிக்காட்டிவிடுவார்கள்.

அதற்கு மாறாக மருத்துவர்களிடமிருந்தே முன் பரவலைப் பெறலாம். ஒவ்வொருவருக்கும் 20 வில்லைகளைக் கொடுத்து, விளைவின் அளவுகள் குறித்த கட்டங்களில் நம்பிக்கைக்கு ஏற்றபடி அடுக்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு. ஒரு வில்லைக்கு 5 சதவீதம். இதில் எப்போதும் எதிர்பார்க்க வேண்டிய தவறு ஒன்று இருக்கிறது. முதல் சுற்றில் வில்லைகள் 6, 7, 8 என்ற கட்டங்களில் குவியும். ஏனென்றால் மருத்துவர் மனத்தில் இருப்பது, தன்னிடம் வந்தவர் வந்த நாளிலிருந்து எவ்வளவு தேறினார் என்பது. சோதனை அளப்பது அதையன்று. சிகிச்சை பெறாதவர்களைவிட எவ்வளவு கூடுதலாகத் தேறினார் என்பதை. மிக மோசமான நிலையில் உதவி நாடி வருபவர்களில் பலர், காலப்போக்கில் ஓரளவு தானாகவே தேறுவார்கள். ஆகவே முதலில் ‘வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றால் எத்தனை புள்ளி குறையும்?’ என்று கேட்க வேண்டும். அவர்கள் 4 என்று எழுதிய பிறகு வில்லைகளை மறுபடி அடுக்கச் சொன்னால், கோபுரம் 2, 3 என்ற கட்டங்களுக்கு இறங்கி வரும். கேள்வியின் வரிசையை மாற்றியது மட்டும்தான் வேறுபாடு.

முந்தைய ஆய்வுகளிலிருந்தும் முன் பரவல் எடுக்கலாம், அப்படியே எடுக்கக் கூடாது. வெற்றி பெற்ற சோதனைகளே அதிகம் வெளியாகின்றன. பிம் குய்ப்பர்ஸ் குழுவினர் 2010இல், மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து இதைக் கணக்கிட்டார்கள். சராசரி விளைவு 0.67 திட்ட விலக்கமாக இருந்தது. வெளியீட்டுச் சார்பைத் திருத்தியபின் 0.42 ஆகக் குறைந்தது. நமது அளவுகோலில் 0.42 என்பது சுமார் 2.3 புள்ளிகள். அந்த ஆய்வுகளில் இருந்த நோயாளிகளும் நம்முடையவர்களும் ஒரே மாதிரி அல்லர் என்பதால், சற்றுக் குறைத்துச் சராசரி 2, திட்ட விலக்கமும் 2 என்று வைக்கிறேன். இது நம்பிக்கையுள்ள முன் பரவல். கூடவே ஐயம் கொண்ட ஒன்றையும் வைக்கிறேன்: சராசரி 0, திட்ட விலக்கம் 2.5. பயன் இருப்பதும் இல்லாததும் சமவாய்ப்பு. எந்தத் திசையிலும் 5 புள்ளியைத் தாண்டுவது அரிது என்பது அதன் பொருள். ஐயவாதியும் ஆர்வலரும் ஒரே தரவைப் பார்த்து எங்கே வந்து நிற்கிறார்கள் என்று ஒப்பிடும் இந்த வழக்கத்தை டேவிட் ஸ்பீகல்ஹால்டரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் விரிவாக முன்வைத்தார்கள்.

கணக்கு எளிது. தரவுக்கும் முன் பரவலுக்கும் துல்லியத்தின் அளவில் எடை கொடுத்துச் சராசரி காண வேண்டும். துல்லியம் என்பது பிழையின் வர்க்கத்தின் தலைகீழ். தரவுக்கு அது 0.33, ஐயவாதியின் முன் பரவலுக்கு 0.16. அதாவது தரவுக்கு மூன்றில் இரண்டு பங்கு எடை. எனவே 3.2 புள்ளிகள் 2.2 ஆகச் சுருங்குகின்றன. மருத்துவர்களிடம் ‘துல்லியம்’ என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. முன் பரவலை நோயாளிகளின் எண்ணிக்கையாக மாற்றிச் சொல்கிறேன்: ஐயவாதியின் கருத்து, ஏறத்தாழ 19 பேரை வைத்து நடத்தி, ‘வேறுபாடே இல்லை’ என்று முடிந்த ஒரு பழைய சோதனைக்குச் சமம். ஆர்வலரின் கருத்து, 30 பேரை வைத்து 2 புள்ளி வேறுபாடு கண்ட சோதனைக்குச் சமம். இப்படிச் சொன்னால், அந்த எடை நியாயமா என்று அவர்களே விவாதிக்கத் தொடங்குவார்கள்.

முடிவுகள் இவை. ஐயவாதியின் கணக்கில் விளைவு 2.2 புள்ளிகள், 95 சதவீத வாய்ப்புடன் அது −0.6க்கும் 5.0க்கும் இடையில் இருக்கிறது. ஓரளவேனும் பயன் இருக்க வாய்ப்பு 93 சதவீதம். ஆர்வலருக்கு அது 98. அகன்ற வளைவுக்கு 96. மூவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஆனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள். பத்து வாரங்கள் ஒரு சிகிச்சையாளரின் நேரத்தைச் செலவிடுவதற்குக் குறைந்தது 2 புள்ளிகளாவது கூடுதலாகக் குறைய வேண்டும் என்று மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்? ஆர்வலர் 70 சதவீதம் என்கிறார், அகன்ற வளைவு 74 என்கிறது, ஐயவாதி 54 என்கிறார். இந்தக் கேள்விக்கு 40 பேரால் விடை சொல்ல முடியவில்லை. யாருடைய முன் பரவல் என்பதே விடையை நகர்த்துகிறது. இதைத்தான் அறிக்கையில் முதலில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு முன் பரவலை மட்டும் காட்டி, வசதியான எண்ணை வெளியிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

உளவியல் சிகிச்சைக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுதான், சிகிச்சையாளர் அப்படியல்ல. அந்த 20 பேரையும் மூன்று சிகிச்சையாளர்கள் பிரித்துப் பார்த்திருந்தால், ஒருவரிடம் சென்றவர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று சற்று நெருங்கியிருக்கும். மொத்த மாறுபாட்டில் 5 சதவீதம் சிகிச்சையாளரால் வருகிறது என்று வைத்தாலே, திட்டப் பிழை 1.74இலிருந்து 1.86 ஆக உயர்கிறது. ஐயவாதியின் 93 சதவீதம் 92 ஆகிறது, 54 ஏறத்தாழச் சரிபாதிக்கு வருகிறது. அந்த 5 சதவீதத்தை இந்தத் தரவிலிருந்தே கணிக்க முயன்றால் மூன்றே பேரை வைத்து எதுவும் தெரியாது. புள்ளியியல் மாதிரி தன் போக்கில் பூஜ்யம் என்றோ பேரளவு என்றோ சொல்லிவிடும். சிகிச்சையாளர் வேறுபாட்டுக்கும் கட்டுப்பாடான ஒரு முன் பரவல் வைக்கத்தான் வேண்டும்.

இனி 93 என்ற எண்ணை அறையில் சொல்லும்போது நடப்பது. கேட்பவர்களில் ஒருவராவது ‘அப்படியென்றால் நூற்றில் 93 நோயாளிகள் தேறுவார்கள்’ என்று குறித்துக்கொள்வார். அது மிகப் பெரிய பிழை. 93 என்பது குழுச் சராசரியைப் பற்றிய நமது உறுதியின் அளவு. நோயாளிகளின் எண்ணிக்கை அன்று. இதை வாயால் மறுப்பதைவிட, சரியான நோயாளி எண்ணை அருகிலேயே வைப்பது பலன் தருகிறது. சிகிச்சை பெற்ற ஒருவரையும் பெறாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், சிகிச்சை பெற்றவர் குறைந்த புள்ளியில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? சராசரி வேறுபாடு 2.2, ஆளுக்கு ஆள் விலக்கம் 5.5. இரண்டையும் பின் பரவலின் நிச்சயமின்மையையும் சேர்த்தால் விடை 61 சதவீதம். எந்தப் பயனும் இல்லையென்றால் அது 50 ஆக இருந்திருக்கும்.

ஆகவே என் வாக்கியங்கள் இப்படி அமையும்: ‘இந்தச் சிகிச்சை சராசரியாக ஓரளவு உதவுகிறது என்று, ஐயத்தோடு தொடங்கிய நாமும் இப்போது 93 சதவீதம் நம்புகிறோம். அந்த உதவி நீங்கள் கேட்ட 2 புள்ளியை எட்டுகிறதா என்பது நாணயத்தைச் சுண்டுவதற்குச் சற்று மேல். உங்கள் எதிரே அமர்ந்திருப்பவரைப் பொறுத்தவரை, நூறு இணைகளில் 61இல் சிகிச்சை பெற்றவர் மேலான நிலையில் இருப்பார்.’ அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும், ‘எத்தனை பேர் இருந்தால் தெளிவாகும்?’ என்பதுதான். இன்றைய பின் பரவலை அடுத்த சோதனையின் முன் பரவலாக வைத்து, குழுவுக்கு 100 பேரைச் சேர்த்தால், விளைவைச் சுற்றி இரு பக்கமும் 2.8 புள்ளி அகன்றிருக்கும் அந்த 95 சதவீத வரம்பு 1.3 ஆகக் குறுகும். மீண்டும் மூன்றே சிகிச்சையாளர்களை வைத்து நடத்தினால் அவ்வளவு குறுகாது.